திப்பு சுல்தான் ‘துல்தான்’ ஆகாமல் இருக்க: குரல் பதிவைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலும் காட்பாடியிலும் வீட்டு அறையிலேயே மைக் வைத்துக் கதை, வரலாறு என்று வாசித்துப் பதிவு செய்பவர்களைப் பார்க்கிறேன். சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கோப்புகளைத் தருவார்கள். நான் புதிதில் செய்த அதே தவறுகள் அப்படியே அவற்றில் இருக்கும். ஃபேனை அணைக்க மறப்பது போன்றவை யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். காதைக் குத்தும் ச, ஸ, ஷ சீறலையும் வாயில் எழும் ‘டிக்’ சத்தத்தையும் குறைக்கப் போய்ப் பதிவையே கெடுத்துக்கொள்வது பற்றித்தான் இங்கே பேச்சு.

பாப் ஃபில்டர் சீறலைத் தடுக்கும் என்று நம்புவது

தடுக்காது. அது ப, ம்ப போன்ற ஒலிகளில் வரும் காற்றைத்தான் தடுக்கும்.

சீறலுக்கு முதல் மருந்து மைக் இருக்கும் இடம். உதட்டுக்கு நேராக வைக்காமல் இருபது, முப்பது டிகிரி ஓரமாகத் திருப்பி, ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஸகரத்தின் கூர்மை வாய்க்கு நேர் எதிரில்தான் அதிகம். இதைச் செய்துவிட்டால், சீறலைக் குறைக்கும் டி-எஸ்ஸர் கருவிக்குப் பாதி வேலைதான் மிச்சம் இருக்கும்.

ஒரே த்ரெஷோல்டை முழுக் கோப்புக்கும் போட்டு, அதன் மேலேயே சேமிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காட்பாடியில் ஒரு கல்லூரி மாணவி வேலூர்ப் புரட்சியைப் பற்றி ஓர் அத்தியாயம் வாசித்திருந்தார். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே கோட்டையை மீட்டது என்று அருமையான வாசிப்பு. ஆனால் சிப்பாய், சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டணம், ஜலகண்டேஸ்வரர் என்று பக்கம் முழுக்கச் சீறும் சொற்கள். முதல் பாதியைக் காலையில் வாசித்தவர், மறுபாதியை இரவில் மைக்கை நெருங்கி உட்கார்ந்து வாசித்துவிட்டார். இரண்டாம் பாதியின் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதல்.

டி-எஸ்ஸரை முதல் பாதியைக் கேட்டுச் சரியாகவே அமைத்திருந்தார். ஒவ்வொரு ஸகரத்திலும் 3, 4 டெசிபல் குறைந்தது. அதே அமைப்பை இரவுப் பகுதிக்கும் ஓட்டியதும் குறைப்பு 10 டெசிபலுக்குப் போய்விட்டது. ‘திப்பு சுல்தான்’ என்று வாசித்தது ‘திப்பு துல்தான்’ என்று கேட்டது. சிப்பாய்கள் ‘திப்பாய்கள்’ ஆகிவிட்டார்கள்.

“அண்ணா, என் நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு. மைக் கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். மைக்கில் ஒன்றுமில்லை. டி-எஸ்ஸர் என்பது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சத்தம் ஒரு கோட்டைத் தாண்டினால் மட்டும் அழுத்தும் கருவி. அந்தக் கோடுதான் த்ரெஷோல்டு. வாசிப்பவர் நெருங்கி உட்கார்ந்தால் எல்லாமே கோட்டைத் தாண்டும், கருவியும் அதற்கேற்ப அழுத்திக்கொண்டே போகும். ஸகரத்தின் சீறலை அளவுக்கு மேல் எடுத்துவிட்டால் காது அதை ‘த’ ஒலியாகத்தான் கேட்கும்.

அதைவிடப் பெரிய நஷ்டம், மூலப்பதிவின் மேலேயே சேமித்திருந்தார். எடுத்துவிட்ட சீறலைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மேல் அதிர்வெண்ணை ஏற்றிப் பார்த்தால் அறை இரைச்சல்தான் மேலே வருகிறது. இரவுப் பகுதி முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. இப்படி வாசிப்பை இழந்தவர்கள் இவர் ஒருவர் மட்டுமல்ல, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மூலக்கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைக்க அரை நிமிடம் கூட ஆகாது.

மறுபடி வாசித்து வந்ததும் நாங்கள் செய்தது இது. முதலில் இரண்டு பகுதிகளின் சத்தத்தையும் சமப்படுத்தினோம். டி-எஸ்ஸர் அதற்குப் பிறகுதான். அதில் ‘லிசன்’ பொத்தானை அழுத்தினால் கருவி எந்த அதிர்வெண் பட்டையைப் பிடிக்கிறது என்பது மட்டும் கேட்கும். அதை மெல்ல நகர்த்திப் பார்த்ததில் அவருடைய ஸகரம் 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையாக இருந்தது. ஆண் குரலில் பெரும்பாலும் இன்னும் சற்றுக் கீழே இருக்கும். குறைப்பின் உச்ச வரம்பை 6 டெசிபலில் நிறுத்தினோம். எந்தச் சொல் வந்தாலும் அதற்கு மேல் அழுத்தாது. சாதாரண ஸகரத்தில் 3 டெசிபல் அளவே குறைந்தது.

ஷகரம் மட்டும் அடங்கவில்லை. அதன் சீறல் கீழே, 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அதைப் பிடிக்கப் பட்டையைக் கீழே இழுத்தால் உயிரொலிகளின் தெளிவும் அங்கேதான் இருக்கிறது, குரலே போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஆகவே உறுத்திய சில ஷகரங்களைக் கையால் குறைத்தோம். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உயிரொலி சீரான அலையாகவும், சீறல் ஒழுங்கற்ற அடர்ந்த பட்டையாகவும் தெரியும். அந்தப் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து 4 டெசிபல் இறக்கி, இரு முனையிலும் சிறிய ஃபேடு கொடுத்தால் போதும்.

டி-எஸ்ஸரை அமைத்துவிட்டு அப்புறம் கம்ப்ரஸரைத் தொடுவது

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் வலுவான உயிரொலிகளை அழுத்தும், ஸகரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு மொத்தச் சத்தத்தையும் ஏற்றும்போது ஸகரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கம்ப்ரஸர், அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூ இரண்டையும் முடிவு செய்துவிட்டு, அந்த இறுதிக் குரலைக் கேட்டு டி-எஸ்ஸரை அமையுங்கள்.

வாய்ச் சத்தத்தைத் தானியங்கிக் கருவியிடம் முழுதாக ஒப்படைப்பது

வேலூர் வெயிலில் ஃபேனும் இல்லாமல் உட்கார்ந்தால் வாய் சீக்கிரம் உலரும், நாக்கு ஒட்டி ஒட்டிப் பிரியும். அந்த ‘டிக்’ சில மில்லிநொடிதான் நீளும். அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், தமிழில் ட்ட, க்க, ற்ற போன்ற இரட்டை வல்லினமும் கருவிக்கு அப்படித்தான் தெரிகிறது. ‘கோட்டை’ என்று சொல்லும்போது நாக்கு அடைத்து ஒரு கணம் அமைதி, அப்புறம் சட்டென்று ஒரு வெடிப்பு. டி-கிளிக் கருவியின் உணர்திறனை உயரத்தில் வைத்தால் அந்த வெடிப்பையும் அரித்துவிடும். ‘கோட்டை’ மழுங்கிக் கேட்கும். உணர்திறனைத் தாழ்த்தி ஓட்டுங்கள், மிச்சத்தைக் கையால் எடுங்கள். சொல்லின் நடுவே, உயிரொலியின் மேல் விழுந்த டிக்கை வெட்டக் கூடாது. அந்தச் சிறு துண்டை மட்டும் கிளிக் கருவியால் சரிசெய்யுங்கள். அது உறுத்தவில்லை என்றால் விட்டுவிடலாம்.

சொற்களுக்கு இடையே முழு அமைதியை ஒட்டுவது

அறையின் சத்தத்தையே ஒட்டுங்கள்.

பதிவைத் தொடங்கும் முன் பேசாமல் பத்து நொடி பதிந்து வைத்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒட்டும் இரு முனைகளிலும் ஒரு துண்டு மெல்லத் தேய மற்றது மெல்ல எழும் கிராஸ்ஃபேடு 5 முதல் 10 மில்லிநொடி வேண்டும், இல்லையென்றால் வெட்டிய இடமே புது டிக்காகக் கேட்கும்.

நீக்கியதைக் கேட்காமல் விடுவது

சில டி-எஸ்ஸர்களிலும் டி-கிளிக் கருவிகளிலும் நீக்கப்பட்ட ஒலியை மட்டும் கேட்கும் வசதி உண்டு. அதில் வெறும் சீறலும் டிக்கும் மட்டும் கேட்டால் சரி. என்ன சொல் வாசிக்கப்படுகிறது என்று அதிலிருந்தே புரிந்துகொள்ள முடிந்தால் அதிகமாக எடுத்துவிட்டீர்கள், த்ரெஷோல்டை உயர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.