காகிதப் பாலம் எடை சோதனை: நாணயத்துக்குப் பதில் தண்ணீர்

இயற்பியல் புராஜெக்டுக்குக் காகிதப் பாலம் செய்பவர்கள் பெரும்பாலும் நாணயங்களை ஒவ்வொன்றாக மேலே வைத்து எண்ணுகிறார்கள். அதில் கை படும் அதிர்வே பாலத்தைச் சாய்த்துவிடும், நாணயமும் நடுவை விட்டு நகர்ந்துவிடும், அதனால் ஒரே பாலம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணைக் காட்டும்.

இதைவிட நல்ல வழி, பாலத்தின் நடுவில் குறுக்காக ஒரு பென்சிலை வைத்து, இரு முனைகளிலும் நூல் கட்டி, கீழே ஒரு பிளாஸ்டிக் கப்பைத் தொங்கவிடுவது. ஊசியில்லாத சிரிஞ்சால் 10 மி.லி. தண்ணீர் விடுங்கள், 10 விநாடி பொறுங்கள், அப்புறம் அடுத்த 10. காகிதம் சுமையில் மெதுவாகத் தொய்யும் என்பதால் இந்த இடைவெளி அவசியம். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம்தான், கணக்கு சுலபம்.

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் சுமார் 5 கிராம். நீளவாட்டில் விசிறி மடிப்பு போட்டு, 20 செ.மீ. இடைவெளியில் வைத்த பாலம் 190 மி.லி. தண்ணீர் தாங்கியது, கப், நூல், பென்சில் 10 கிராம் என்றால் மொத்தம் 200 கிராம், அதாவது தன் எடையைப் போல் 40 மடங்கு. இதே கணக்கை மடிக்காத தாளுக்கும் போடுங்கள்.

உடையும் விதத்தையும் கவனியுங்கள். விசிறி மடிப்பு கிழிவதில்லை, மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து தட்டையாகித்தான் விழும். அடியில் குறுக்கே ஒரு சின்னக் காகிதப் பட்டை ஒட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு வடிவத்துக்கும் புதிதாக 3 பாலம் வேண்டும், ஒருமுறை மடங்கிய தாளை மறுபடி சோதிக்கக் கூடாது.