தோராயம் பார்த்தும் தவறு தப்பிவிடுவது ஏன்?

47 × 683 என்ற பெருக்கலை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 32101. கணக்குச் சொல்லித்தரும்போது இதுபோன்ற பெருக்கலுக்கு மூன்று வகைத் தவறான விடைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: 7513, 32001, 31201. மூன்றையும் எழுதியவர்கள் ‘சரிபார்த்துவிட்டேன்’ என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, சரிபார்க்கத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தத் தவறைப் பிடிக்க முடியாத சோதனையைக் கொண்டு பார்த்திருப்பார்கள்.

முதலில் 7513. 683-ஐ 7-ஆல் பெருக்கினால் 4781, 4-ஆல் பெருக்கினால் 2732. இரண்டாவது வரியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி எழுதாமல் அப்படியே கூட்டியதால் வந்த எண் இது. ஐம்பதை அறுநூறால் பெருக்கினாலே முப்பதாயிரம் வந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்திருந்தால் இந்த விடை நிற்காது.

தோராயம் பார்ப்பதில் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, அதை விடை வந்த பிறகு பார்ப்பது. கண்முன் 7513 இருக்கும்போது மனம் அந்த எண்ணுக்குப் பரிந்து பேசத் தொடங்கிவிடுகிறது. எந்தத் தோராயத்தையும் அதன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. ஆகவே கணக்கைத் தொடங்கும் முன்பே, தாளின் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதிவையுங்கள். அது கூடுதலாக இருக்குமா, குறைவாக இருக்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த இரண்டாவது குறிப்பைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பாதிச் சோதனை.

அடுத்த தவறு, இரண்டு எண்களையும் ஒரே பக்கம் முழுதாக்குவது. 47-ஐ 50 ஆக்கி, 683-ஐ 700 ஆக்கினால் 35000 வருகிறது. இரண்டும் ஏறியதால் பிழைகள் சேர்ந்துகொண்டு, உண்மை விடையைவிட 9 சதவீதம் கூடிவிட்டது. ஒன்றை ஏற்றினால் மற்றதை ஏறத்தாழ அதே விகிதத்தில் இறக்க வேண்டும். 47-ஐ 50 ஆக்குவது ஆறு சதவீதத்துக்குச் சற்று மேலான ஏற்றம். 683-ஐ 650 ஆக்குவது ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான இறக்கம். 50 × 650 = 32500. பிழை 1.2 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. வகுத்தலில் இது தலைகீழ்: 683-ஐ 47-ஆல் வகுக்கும்போது இரண்டையும் ஒரே பக்கம்தான் நகர்த்த வேண்டும். 700-ஐ 50-ஆல் வகுத்தால் 14. உண்மை விடை 14.53. மேலே ஏற்றிக் கீழே இறக்கி 700-ஐ 40-ஆல் வகுத்தால் 17.5 என்று எங்கோ போய்விடும்.

நெருங்கிய இரு எண்களைக் கழிக்கும்போது மட்டும் முழுதாக்கவே கூடாது. 10.47-இலிருந்து 10.32-ஐக் கழித்தால் 0.15, இரண்டையும் ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கிக் கழித்தால் 0.2. மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

இப்போது 32001. கூட்டும்போது நூறாம் இடத்தில் 7-உம் 3-உம் 10, மனதில் வைத்திருந்த 1-ஐச் சேர்த்தால் 11. அந்த 1-ஐ மறந்ததால் ஒரு நூறு குறைந்துவிட்டது. 32500 என்ற நல்ல தோராயத்தாலும் இதைப் பிடிக்க முடியாது. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலும் (7 × 3 = 21, எனவே 1) பொருந்தி வருகிறது. இங்கே உதவுவது ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் பழைய முறை. 47-இன் இலக்கங்களைக் கூட்டினால் 11, மறுபடி கூட்டினால் 2. 683-க்கு 17, பிறகு 8. இரண்டையும் பெருக்கினால் 16, அதாவது 7. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 7 வர வேண்டும். 32101-க்கு 7 வருகிறது, 32001-க்கு 6 வருகிறது. தவறு வெளிப்பட்டுவிட்டது.

இந்த முறையை முழுக்க நம்பிவிடுவது அடுத்த தவறு. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால்தான் இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்றாகிறது. அதே காரணத்தால், ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது இந்தச் சோதனையின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இடம் தள்ள மறந்த 7513-ஐப் பாருங்கள்: 7+5+1+3 = 16, அதாவது 7. தேறிவிட்டது! தசமப் புள்ளி இடம் மாறினாலும் தேறிவிடும். எந்த ஒழுங்கும் இல்லாத தவறான விடைகளிலும் ஒன்பதில் ஒன்று தற்செயலாகவே தேறும்.

மூன்றாவது விடையான 31201 இந்த ஓட்டை வழியாகத்தான் தப்புகிறது. கணக்கு சரியாகவே வந்தது; எடுத்து எழுதும்போது 2-உம் 1-உம் இடம் மாறிவிட்டன. இலக்கங்கள் அவையே என்பதால் ஒன்பது ஏமாறுகிறது. கடைசி இலக்கமும் மாறவில்லை. 32500-க்கு அருகில்தான் இருக்கிறது என்று தோராயத்திலும் பலர் விட்டுவிடுவார்கள். இதைப் பிடிப்பது பதினொன்று. வலமிருந்து தொடங்கி இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 47-க்கு 7−4 = 3. 683-க்கு 3−8+6 = 1. பெருக்கினால் 3. 31201-க்கு 1−0+2−1+3 = 5. பொருந்தவில்லை. 32101-க்கு 1−0+1−2+3 = 3; பொருந்துகிறது. (கழித்தலில் எதிர்ம எண் வந்தால் 11-ஐக் கூட்டிக்கொள்ளலாம்.) இங்கே இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் குறி மாறுவதால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் தெரிந்துவிடுகிறது.

தோராயத்தால் அளவையும், பதினொன்றால் இலக்கங்களையும் பார்ப்பது என் பழக்கம். இரண்டும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது.

பொருந்தவில்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தொடங்குவதும் வீண் வேலை. இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் உள்ள உறவே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். பத்து மடங்கு வேறுபாடு என்றால் தசமப் புள்ளி, 60 மடங்கு என்றால் நிமிடத்தையும் விநாடியையும் குழப்பியிருப்பீர்கள், 3.6 மடங்கு என்றால் மணிக்குக் கிலோமீட்டரையும் விநாடிக்கு மீட்டரையும். கூட்டல் பட்டியலில் இரு மொத்தங்கள் ஒத்துவராமல், வேறுபாடு 9-ஆல் வகுபட்டால் எங்கோ இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 1999-இல் செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தின் கணக்கில் வந்த வேறுபாடு 4.45 மடங்கு. ஒரு பவுண்டு விசைக்கு அத்தனை நியூட்டன். ஒரு மென்பொருள் பவுண்டில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

இவை எதிலும் சிக்காத ஒருவகைத் தவறு உண்டு. 120 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், 40 வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? 60-ஐயும் 40-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 50 என்பார்கள். கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. 40-க்கும் 60-க்கும் இடையில்தான் இருக்கிறது. ஒன்பதும் பதினொன்றும் வாய் திறக்காது. தவறு எண்களில் இல்லை, எடுத்த வழியில் இருக்கிறது. அதைப் பார்க்க விடையைக் கேள்விக்குள் திருப்பி வைக்க வேண்டும். மொத்தம் 240 கிலோமீட்டரை 50 வேகத்தில் கடந்தால் 4.8 மணி நேரம். ஆனால் போக 2 மணி, திரும்ப 3 மணி, ஆக 5 மணி நேரம் ஓடியிருக்கிறது. 12 நிமிடத்தைக் காணவில்லை. 240-ஐ 5-ஆல் வகுத்தால்தான் சரியான 48 கிடைக்கிறது.