தனிப்பயிற்சி ஆசிரியரும் பெற்றோரும் எழுதிக்கொள்ளும் ஒரு பக்க ஒப்பந்தம்: செய்முறை விளக்கம்

வீட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கட்டணத்தை மட்டும் வாய்மொழியாகப் பேசிவிட்டு வகுப்பைத் தொடங்குகிறார்கள். தகராறு கட்டணத் தொகையில் வருவது குறைவு. நடக்காமல் போன வகுப்புக்குப் பணம் உண்டா இல்லையா என்ற இடத்தில்தான் அது வருகிறது. நெல்லைப் பகுதியில் இந்தக் கேள்வி ஆண்டு முழுவதும் எழும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும், சித்திரையிலும் ஆடியிலும் ஊர்க்கோயில் கொடை விழா வரும், ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம், ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறை. ஆகவே இந்த விளக்கத்தில் தவறிய வகுப்புகளுக்கே அதிக இடம் தருகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஒன்றரை மணி நேர வகுப்பு. இதில் வரும் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டுமே.

படி 1: யார் யாரோடு ஒப்பந்தம் செய்கிறார்கள்

தாளின் தலைப்பில் தேதி, ஆசிரியர் பெயர், பெற்றோர் பெயர், மாணவர் பெயர், பாடம், வகுப்பு நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதுங்கள். பதினெட்டு வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது என்பதால், கையெழுத்திட வேண்டியவர் பெற்றோர்தான். பள்ளியில் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் ஒன்றை முன்பே கவனிக்க வேண்டும்: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சியில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. இந்த விளக்கம் அவ்வாறு பணியில் இல்லாதவர்களுக்கானது.

படி 2: கட்டணத்தை வகுப்பு எண்ணிக்கையோடு கட்டுங்கள்

“மாதம் 1,800 ரூபாய்” என்று மட்டும் எழுதினால், ஒரு வகுப்பின் மதிப்பு என்ன என்பது எங்கும் பதிவாகாது. கழிக்க வேண்டிய நாளில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆகவே இப்படி எழுதுங்கள்:

> மாதக் கட்டணம் 1,800 ரூபாய். இது 12 வகுப்புகளுக்கானது. ஒரு வகுப்புக்கு 150 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்.

வாரம் மூன்று நாள் வகுப்பு என்றால் 28 நாள் பிப்ரவரியில் சரியாக 12 வகுப்புகள் வரும். 31 நாள் மாதங்களில் 13 அல்லது 14 வந்துவிடும். அந்தக் கூடுதல் வகுப்புக்குத் தனியாகப் பணம் கேட்பது பெற்றோருக்கு உறுத்தும். அதை அந்த மாதத்தில் தவறிய வகுப்புக்கு ஈடாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. “12க்கு மேல் வரும் வகுப்புகளுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அவை அம்மாதத்தில் தவறிய வகுப்புகளுக்கு ஈடாகக் கொள்ளப்படும்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

படி 3: தவறிய வகுப்புகள்

எல்லா விடுப்பையும் ஒரே விதியில் அடக்க முயல்வதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை. வகுப்பு யாரால் நின்றது, எப்போது தெரிவிக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் நான்கு நிலைமைகள் கிடைக்கும்.

> அ. மாணவர் வர இயலாததை முந்தின நாள் இரவு 8 மணிக்குள் தெரிவித்தால், ஈடு வகுப்பு உண்டு, பணம் கழிக்கப்படாது. ஆசிரியர் சொல்லும் இரண்டு நேரங்களில் ஒன்றைப் பெற்றோர் ஏற்க வேண்டும். இரண்டையும் ஏற்காவிட்டால் அந்த வகுப்பு நடந்ததாகக் கொள்ளப்படும்.
> ஆ. அதற்குப் பின் தெரிவித்தாலோ, தெரிவிக்காமல் வராவிட்டாலோ வகுப்பு நடந்ததாகக் கொள்ளப்படும்.
> இ. ஆசிரியரால் வகுப்பு நின்றால், ஈடு வகுப்பு எடுக்கப்படும். மாத முடிவுக்குள் எடுக்க இயலாவிட்டால் 150 ரூபாய் அடுத்த மாதக் கட்டணத்தில் கழிக்கப்படும்.
> ஈ. மாவட்ட ஆட்சியர் மழைக்காகப் பள்ளி விடுமுறை அறிவித்த நாளில் வகுப்பு இல்லை. ஈடு வகுப்பு உண்டு. தொடர்ந்து மூன்றுக்கு மேற்பட்ட வகுப்புகள் நின்றால், மூன்றுக்கு மேற்பட்டவற்றுக்குக் கட்டணம் இல்லை.

கடைசி விதியின் பிற்பகுதி அவசியமானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் புகுந்ததைப் போன்ற ஒரு நிலையில், நின்றுபோன வகுப்புகளையெல்லாம் ஈடுகட்ட ஆசிரியருக்கும் நேரம் இராது, வீட்டைச் சீர்செய்துகொண்டிருக்கும் பெற்றோரிடம் முழுக் கட்டணம் கேட்பதும் முறையாகாது.

காய்ச்சல் முந்தின நாள் சொல்லிவிட்டு வருவதில்லையே என்று பெற்றோர் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. மாதத்துக்கு ஒருமுறை மட்டும், உடல்நலக் குறைவுக்கு இரவு 8 மணி விதி பொருந்தாது என்று எழுதிக்கொள்ளலாம்.

இனி ஓர் ஆடி மாதக் கணக்கைப் பார்ப்போம். இந்தச் சலுகை வரி நம் எடுத்துக்காட்டு ஒப்பந்தத்தில் இல்லை என்று கொள்வோம். ஆகஸ்டில் 13 வகுப்புகள் வருகின்றன. கொடைக்காக அம்பாசமுத்திரம் பக்கம் சொந்த ஊருக்குப் போவதாக மாணவியின் தாய் ஞாயிறு மாலையே, “டீச்சர், ஊர்ல கொடை, புதனும் வெள்ளியும் பிள்ளை வர மாட்டா” என்று சொல்லிவிடுகிறார். இவை இரண்டும் ‘அ’. பிறகு ஒரு நாள் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால் தலைவலி என்று செய்தி வருகிறது, இது ‘ஆ’. ஆசிரியை ஒரு திருமணத்துக்குச் சென்றதால் ஒரு வகுப்பு நிற்கிறது, இது ‘இ’. நடந்தவை 9. ‘ஆ’ நடந்ததாகக் கொள்ளப்படுவதால் 10. ஒரு சனிக்கிழமை ஈடு வகுப்பு நடந்ததால் 11. பன்னிரண்டுக்கு ஒன்று குறைகிறது.

இந்த ஒன்று கொடைக்குரியதா, ஆசிரியையின் விடுப்புக்குரியதா? முன்னதானால் இன்னும் ஓர் ஈடு வகுப்பு மட்டுமே உண்டு. பின்னதானால் பணம் கழிக்க வேண்டும். தாளை எழுதியவர் ஆசிரியர் என்பதால், ஐயம் வரும் இடத்தில் பெற்றோருக்குச் சாதகமாக விடுவதே முறை. “மாத முடிவில் குறையும் வகுப்பு முதலில் ஆசிரியர் விடுப்பாகவே கொள்ளப்படும்” என்று எழுதிவிட்டால், செப்டம்பருக்கு 1,650 ரூபாய் என்பதில் பேச்சுக்கு இடமில்லை.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் ஒரு வருகைக் குறிப்பேடு வேண்டும். தேதி, நடந்ததா, இல்லையென்றால் அ, ஆ, இ, ஈ என்ற எழுத்து, அவ்வளவே. மாதக் கடைசியில் பெற்றோர் அதில் கையெழுத்திட வேண்டும்.

படி 4: சோதனைக் காலம்

இரண்டு வாரம், அதாவது ஆறு வகுப்புகள் என்று வையுங்கள். ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் ஒரு பகுதியை நடத்தி, சிறு தேர்வு ஒன்றும் வைத்து, விடைத்தாளைப் பெற்றோரிடம் காட்ட இந்தக் கால அளவு போதும். ஒரே ஒரு வகுப்பைச் சோதனை என்று வைத்தால், பிள்ளையின் கூச்சம் மட்டுமே தெரியும்.

> முதல் ஆறு வகுப்புகள் சோதனைக் காலம். இவற்றுக்கும் வகுப்புக்கு 150 ரூபாய். இக்காலத்தில் இரு தரப்பில் எவரும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். நடந்த வகுப்புகளுக்கு மட்டும் கட்டணம். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தொடர்வதா என்பதைத் தெரிவிக்க வேண்டும்.

சோதனைக் காலத்தை இலவசமாக்காதீர்கள். இலவசம் என்றால் முடிவு சொல்லும் நாள் தள்ளிக்கொண்டே போகும். இடையில் சேர்ந்த முதல் மாதத்துக்கு, எஞ்சிய வகுப்புகளை 150ஆல் பெருக்கி வாங்குங்கள். சோதனைக் காலம் முடிந்த பின் நிறுத்த விரும்புபவர் 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள்.

படி 5: கையெழுத்து

வெள்ளைத் தாளில் இரண்டு பிரதிகள் எழுதி, இருவரும் இரண்டிலும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன், மூன்றாம் படியின் விதிகளைப் பெற்றோர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்துக்காட்டுவது நல்லது. கட்டணமோ நேரமோ மாறினால் பழைய தாளில் அடித்துத் திருத்தாமல், புதிய தேதியிட்டு வேறு தாள் எழுதுங்கள்.