கடைசியில் ஒட்டிய அலகு

முதலாம் ஆண்டு ஆய்வகத்தில், ஒரு பொருள் நீள்வதற்கு எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்று சொல்லும் யங் குணகம் காணும் சோதனை வரும் வாரம், ரெக்கார்டு நோட்டுகளைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும்: நாலைந்து பேராவது எஃகுக் கம்பிக்கு 2 × 10⁸ என்று எழுதியிருப்பார்கள். பக்கத்தில் Nm⁻² என்று அலகும் ஒழுங்காக இருக்கும். வர வேண்டியது 2 × 10¹¹. ஆயிரம் மடங்கு குறைவு. நான் மாணவனாக இருந்தபோது இதே சோதனையில் இதே விடையைத்தான் எழுதினேன். ஒவ்வொரு வருடமும் அதைப் பார்க்கும்போது பழைய காகிதத்தை யாரோ நகலெடுத்துக் கொடுத்தது போலவே இருக்கிறது.

அலகே எழுதாமல் விடுவது, கிராமையும் கிலோகிராமையும் குழப்புவது ஆகியவற்றை இங்கே எடுக்கவில்லை. சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டால் அடுத்த முறை அவை திருந்திவிடும். முதல் நாள் வகுப்பின் ஸ்லைடுகளில் அலகு, பரிமாணம், முக்கிய எண்ணுருக்கள் மூன்றும் வருகின்றன. மாணவர்கள் அவற்றை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு, கணக்குப் போடும்போது மறந்துவிடுகிறார்கள். அங்கே பிறக்கும் தவறுகளைப் பற்றியே சொல்கிறேன்.

அலகைக் கடைசியில் ஒட்டுவது

சோதனை எளிது. கம்பியைத் தொங்கவிடுகிறோம், கீழே எடை ஏற்றுகிறோம், எவ்வளவு நீண்டது என்று அளக்கிறோம். சூத்திரம் இது:

```
Y = F L / (π r² e)
```

F என்பது விசை, L கம்பியின் நீளம், r அதன் ஆரம், e நீட்சி. ஒரு வழக்கமான அளவீட்டை எடுத்துக்கொள்வோம். ஏற்றிய நிறை 2.0 கிலோ, அதாவது 19.6 நியூட்டன். நீளம் 1.50 மீட்டர். திருகு அளவியில் விட்டம் 0.50 மி.மீ., ஆகவே ஆரம் 0.25 மி.மீ. நீட்சி 0.75 மி.மீ.

பெரும்பாலானவர்கள் இப்போது செய்வது இதுதான். எண்களை மட்டும் எடுத்துக் கால்குலேட்டரில் தட்டுகிறார்கள். 0.25-ஐ வர்க்கப்படுத்தி π-ஆல் பெருக்கினால் 0.196. 'மி.மீ.-ஐ மீட்டராக மாற்ற வேண்டும், 10⁻³' என்று நினைவு வருகிறது, போட்டுவிடுகிறார்கள். நீட்சிக்கும் ஒரு 10⁻³. விடை 2 × 10⁸ வருகிறது. யங் குணகத்தின் அலகு Nm⁻² என்று மனப்பாடமாகத் தெரியும், அதைப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள்.

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது அந்தக் கடைசி அசைவுதான். பத்தின் அடுக்கில் தவறுவது யாருக்கும் நடக்கும். ஆனால் தவறைக் காட்டிக்கொடுக்கக் கூடிய ஒரே சாட்சி அந்த அலகு. அதைக் கணக்கின் வழியாக வரவிடாமல், மனப்பாடத்திலிருந்து கொண்டுவந்து கடைசியில் ஒட்டிவிட்டால் சாட்சியின் வாயை நாமே பொத்திவிடுகிறோம். உள்ளே என்ன நடந்திருந்தாலும் வெளியே Nm⁻² என்றே தெரியும். ஆரத்தை வர்க்கப்படுத்த மறந்தவனின் விடை உண்மையில் N/m-இல் இருக்கும். நிறையை g-ஆல் பெருக்க மறந்தவளின் விடை kg/m²-இல் இருக்கும். இரண்டு நோட்டிலும் Nm⁻² என்றே எழுதியிருக்கும்.

மாற்று வழி ஒன்றும் கடினமில்லை. எண்ணைப் போடும்போதே அலகையும் சேர்த்துப் போடுங்கள். மி.மீ. இருக்கும் இடத்தில், அடைப்புக்குறியோடு, (10⁻³ m) என்று எழுதுங்கள். வர்க்கம் அந்த அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும்:

```
A = π (0.25 mm)² = 0.196 mm²
  = 0.196 (10⁻³ m)²
  = 1.96 × 10⁻⁷ m²
```

வர்க்கம் 10⁻³-ஐயும் தொடுகிறது, மீட்டரையும் தொடுகிறது. ஒரு சதுர மி.மீ. என்பது 10⁻⁶ சதுர மீட்டர் என்று தனியாக நினைவு வைத்துக்கொள்ளவே தேவையில்லை, எழுதும் முறையே அதைச் செய்துவிடுகிறது. அப்புறம் விசையை இந்தப் பரப்பு A-ஆல் வகுத்தால் தகைவு 9.98 × 10⁷ N/m², நீட்சியை நீளத்தால் வகுத்தால் திரிபு 0.75 mm / 1500 mm, அதாவது 5.0 × 10⁻⁴. திரிபில் மி.மீ. மி.மீ.-ஓடு அடிபட்டு அலகில்லாமல் போவதையும் கண்ணால் பார்க்கலாம். தகைவைத் திரிபால் வகுத்தால் 2.0 × 10¹¹ N/m².

எனக்கு இது புரிந்தது செய்முறைத் தேர்வில். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் 2 × 10⁸-ஐப் பார்த்தார். தவறு என்று சொல்லவில்லை. "சரி தம்பி, உன் விடைப்படி இந்தக் கம்பியில ரெண்டு கிலோ தொங்கவிட்டா எவ்வளவு நீளும்?" என்று கேட்டார். அங்கேயே நின்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் கம்பி முக்கால் மீட்டர் நீளும் என்று வந்தது. கம்பி அவருக்கும் எனக்கும் நடுவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடை ஏற்றியபோது அது அசைந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை. முக்கால் மில்லிமீட்டரைக் காண மைக்ரோமீட்டர் தேவைப்பட்டிருந்தது. "பாத்துட்டு எழுதக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

விடையைச் சூத்திரத்தில் திருப்பிப் போட்டு, கண்ணால் பார்த்த ஓர் அளவாக மாற்றுவதை அன்றிலிருந்து விட்டதில்லை. 10⁸-ஐயும் 10¹¹-ஐயும் பார்த்து எது நியாயம் என்று யாருக்கும் உள்ளுணர்வு சொல்லாது. முக்கால் மீட்டரா, முக்கால் மில்லிமீட்டரா என்றால் குழந்தைக்கும் தெரியும்.

இது மாணவர்களோடு நிற்கும் தவறும் இல்லை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குக் கிளம்பியது. எரிபொருள் அளவி வேலை செய்யவில்லை, அதனால் தொட்டியை நேரடியாக அளந்து கணக்குப் போட்டார்கள். பயணத்துக்கு 22,300 கிலோ வேண்டும். தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. அதை 1.77-ஆல் பெருக்கினார்கள், 13,597 வந்தது, கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்குச் சரியான எண் ஏறத்தாழ 0.8. ஆக, இருபதாயிரம் லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் ஐயாயிரம் லிட்டர்கூட ஊற்றவில்லை. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் விமானத்தை மிதக்கவிட்டே இறக்கினார்கள். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

1.77-க்குப் பக்கத்தில் அதன் அலகை எழுதியிருந்தால் 13,597 பவுண்டு என்றுதான் வந்திருக்கும். இன்னொரு சோதனையும் கையருகே இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, தண்ணீரில் மிதப்பது. அது லிட்டருக்கு 1.77 கிலோ இருக்கவே முடியாது.

பரிமாணம் சரி, ஆகவே விடை சரி என்று நம்புவது

மேலே சொன்னதைக் கேட்டு நன்றாக அலகு போடப் பழகியவர்கள் அடுத்து விழும் குழி இது. ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தையே r இருக்கும் இடத்தில் போட்டால் என்ன ஆகும்? அலகு துளியும் மாறாது, அழகாக N/m² வரும். விடை மட்டும் நான்கில் ஒரு பங்காகி 5.0 × 10¹⁰ ஆகிவிடும்.

பரிமாணச் சோதனைக்கு வெறும் எண்கள் தெரியாது. 2, ½, 4π எல்லாம் அதன் கண்ணில் படாமல் தாண்டிவிடும். பரிமாணம் பொருந்தவில்லையென்றால் விடை நிச்சயமாகத் தவறு. பொருந்தினால் 'இன்னும் பிடிபடவில்லை' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இங்கே உதவுவது ஒப்பீடு. அலுமினியத்தின் யங் குணகம் ஏறத்தாழ 7 × 10¹⁰. எஃகுக் கம்பி அலுமினியத்தைவிட எளிதாக நீள்கிறது என்று உங்கள் விடை சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த விட்டத்தைத்தான். மூன்று, நான்கு பொருள்களின் மதிப்பை இப்படித் தோராயமாக மனதில் வைத்திருந்தால் போதும்.

கணக்குப் போட்ட பிறகு 'எவ்வளவு வரும்' என்று யோசிப்பது

முன்னால் யோசியுங்கள். விடையைப் பார்த்த பிறகு எந்த எண்ணும் நியாயமாகத்தான் தெரியும்.

கால்குலேட்டர் காட்டிய இலக்கங்களை அப்படியே எழுதுவது

மேலே உள்ள கணக்கைத் தட்டினால் திரையில் 1.99644 × 10¹¹ என்று வருகிறது, இன்னும் இலக்கங்கள் தொடர்கின்றன. அவ்வளவும் நோட்டில் ஏறிவிடும். 'இரண்டு முக்கிய எண்ணுருக்களுக்குச் சுருக்கு' என்று சொன்னால் சுருக்குவார்கள், ஆனால் ஏன் என்று தெரியாமல் விதியாகச் செய்வார்கள்.

திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. விட்டம் 0.50 மி.மீ. ஐம்பதில் ஒன்று, அதாவது 2 சதவீதம் ஆட்டம் இருக்கலாம். சூத்திரத்தில் அது வர்க்கமாக வருவதால் விடையில் 4 சதவீதம். நீட்சியையும் 0.01 மி.மீ. வரைதான் அளக்கிறோம், அது இன்னொரு ஒன்றேகால் சதவீதத்துக்கும் சற்று மேல். கூட்டினால் 5 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆக விடை 2.0 × 10¹¹, அதில் 0.1 × 10¹¹ முன்னே பின்னே போகலாம். 1.99644-இல் இரண்டாவது இலக்கமே உறுதியில்லாதபோது ஆறாவது இலக்கம் வெறும் கால்குலேட்டரின் சத்தம்.

இந்தச் சதவீதக் கணக்கு விடையைச் சோதிக்கவும் உதவும். உங்களுக்கு 1.9 வந்து நண்பருக்கு 2.0 வந்தால் இரண்டு பேரும் ஒரே விடையைத்தான் சொல்கிறீர்கள், சண்டை வேண்டாம். 1.5 வந்தால் அதை 'பரிசோதனைப் பிழை' என்று எழுதி மூட முடியாது, 25 சதவீதத்தை இந்தக் கருவிகள் தவறவிடாது. எங்கோ அளவெடுத்ததிலோ கணக்கிலோ கோளாறு இருக்கிறது, தேடுங்கள்.

நடுவில் சுருக்குவது

ஆரம் 0.25-இன் வர்க்கமான 0.0625-ஐ நடுவிலேயே 0.06 ஆக்கினால் 2.0 போய் 2.1 வரும். கடைசியில் ஒருமுறை மட்டும் சுருக்குங்கள்.

நீளத்தை மறுபடி மறுபடி அளப்பது

ஒன்றரை மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை 0.1 சதவீதம்கூட மாறாது. ஆனால் மாணவர்கள் அளவுகோலைக் கம்பியோடு ஒட்டிவைத்து மூன்று முறை நீளம் பார்ப்பார்கள், விட்டத்தை ஒரே இடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருகு அளவியைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். விடையின் ஆட்டம் பெரும்பாலும் விட்டத்திலிருந்துதான் வருகிறது. கம்பி எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருக்காது, துல்லியமான வட்டமாகவும் இருக்காது. மேலே, நடுவில், கீழே என ஐந்தாறு இடங்களில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். அதற்கு முன் திருகு அளவியை வெறுமனே மூடிப் பாருங்கள், சுழியில் நிற்கிறதா என்று. எங்கள் ஆய்வகத்தில் ஒன்று 0.03 மி.மீ. காட்டும். அதைக் கழிக்காமல் விட்டால் விட்டத்தில் 6 சதவீதம், விடையில் 12 சதவீதம்.