ஆய்வுக் குழு "தடை என்ன?" என்று கேட்டால்

டெல்டாவில் வயல் ஆய்வு செய்யும் பிஎச்.டி. மாணவர்களுக்கு: ஆண்டு மதிப்பாய்வில் "மழை, சார்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மழை எந்தத் தரவைக் கொண்டுபோனது, எதை விட்டுவைத்தது, கால அட்டவணை எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதுதான் குழுவுக்கு வேண்டும்.

திருவாரூர் பக்கம் சம்பாவில் தழைச்சத்து ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் வெள்ளத்தில், கதிர் வருமுன்பே சோதனைப் பாத்திகள் மூழ்கிவிட்டன. மகசூல் கணக்கு போயிற்று. நடவுக்கு முன் எடுத்த மண் மாதிரியும் தூர் எண்ணிக்கையும் கையில் இருக்கின்றன. அடுத்த சம்பா ஆகஸ்ட்டில்தான் தொடங்கும். அறுவடைக்குத் தை வந்துவிடும். ஆக, இழப்பு இரண்டு மாதமல்ல, ஒரு வருடம். கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

"குறுவையில் செய்யலாமே?" என்று அடுத்த கேள்வி வரும். குறுவைக்குக் குறுகிய கால ரகம், பருவமும் வேறு. அந்த முடிவைச் சம்பாவோடு சேர்க்க முடியாது, தனிச் சோதனையாகத்தான் நிற்கும். அது உங்கள் ஆய்வுக் கேள்விக்குப் பயன்படுமா என்று நெறியாளரிடம் முன்பே பேசி முடிவெடுங்கள். இருக்கும் தரவை "முதற்கட்ட முடிவு" என்றே காட்டுங்கள். தூர் எண்ணிக்கையை வைத்து மகசூலை ஊகிக்க வேண்டாம்.