கேப்ஷன், பதில், லேபிள்: மூன்றும் ஒரே குரலில் பேச ஒரு பக்கக் குறிப்பு

நானும் என் நாத்தனாரும் வீட்டிலிருந்தே ஊறுகாயும் பொடியும் விற்கிறோம். இன்ஸ்டாகிராமில் நான் "சூடான இட்லியோட தொட்டுப் பாருங்க" என்று எழுதுவேன். வாட்ஸ்அப்பில் அவர் "தங்கள் ஆர்டர் பெறப்பட்டது" என்று அனுப்புவார். லேபிளோ "உலர்ந்த கரண்டியை உபயோகிக்கவும்" என்றது. ஒரே பாட்டிலுக்காக மூன்று பேர் பேசுகிற மாதிரி இருந்தது.

முதலில் "அன்பு, எளிமை, நேர்மை" என்று எழுதி வைத்துக்கொண்டோம். எதுவும் மாறவில்லை. அவருக்கு "தங்கள்" என்பதுதான் அன்பு, எனக்கு "வாங்க" என்பது. அதனால் இப்படிச் செய்யுங்கள்.

1. கடைசியாகப் போட்ட பத்து கேப்ஷன், பத்து பதில், எல்லா லேபிள் வாசகங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். வினைச்சொற்களின் முடிவுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

2. ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். தமிழில் குரல் பெரும்பாலும் வினைமுடிவில் இருக்கிறது: "செய்யவும்", "செய்யுங்கள்", "செய்யுங்க". நாங்கள் "-ங்க" எடுத்தோம். அதோடு வேலை முடியவில்லை. பேச்சுத் தமிழை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம்: இருக்கு, இருக்குது, பண்ணுங்க, செய்யுங்க. ஒவ்வொன்றிலும் ஒன்றை வைத்து மற்றதை அடித்தோம். கடை தன்னைச் சொல்லும்போது எப்போதும் "நாங்க".

3. கஷ்டமான பதிலை முதலில் எழுதுங்கள். எண்ணெய் கசிந்த பாட்டிலின் போட்டோ வந்தால் எங்கள் பழைய பதில்: "சிரமத்திற்கு வருந்துகிறோம்." இப்போது: "மூடி சரியா இறுகலை, எங்க தவறு. நாளைக்கே வேற பாட்டில் அனுப்புறோம், இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்." காரணம், நாங்கள் செய்யப்போவது, வாடிக்கையாளர் செய்ய வேண்டியது என்ற வரிசையும் குரலில் சேர்த்திதான். புகாரில் எமோஜி கிடையாது.

4. லேபிளில் பொருட்பட்டியல், நிகர எடை, தேதி, FSSAI எண் ஆகியவை விதிப்படிதான் இருக்க வேண்டும். அங்கே குரலைக் காட்டாதீர்கள். பயன்படுத்தும் வரியை மட்டும் மாற்றினோம்: "ஈரக் கரண்டி போடாதீங்க, பூஞ்சை பிடிக்கும்."

5. இதையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அழகான டெம்ப்ளேட்டெல்லாம் வேண்டாம், கூகுள் டாக்ஸ் போதும். பதில்களை வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளையாகச் சேமியுங்கள். `/leak` என்று தட்டினால் கசிவுக்கான பதில் வந்துவிடும்.

பின்சேர்க்கை: "அக்கா, சார், மேடம் எதைப் போடுவது?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். எதுவும் வேண்டாம். வயதோ பாலோ தெரியாத இடத்தில் தவறாக விழும், "-ங்க"விலேயே மரியாதை இருக்கிறது. வாடிக்கையாளரே எங்களை அக்கா என்று கூப்பிட்டாலும் நாங்கள் பெயரோடு "-ங்க" சேர்த்தே எழுதுகிறோம்: "கவிதா, பார்சல் கிளம்பிடுச்சுங்க."