எரிச்சலில் தட்டிய மெசேஜை அலுவலக நினைவூட்டலாக மாற்றுவது எப்படி?

போன மாதம் எங்கள் அலுவலகக் குழுவில் நான் தட்டி, அனுப்பாமல் நிறுத்திய மெசேஜ் இது:

"யாருப்பா மறுபடியும் மைக்ரோவேவைப் பாழாக்கியது? துடைக்கக்கூட நேரமில்லையா? சிங்க்ல பாத்திரம் மூணு நாளா ஊறுது. இங்க யாரும் உங்க வேலைக்காரங்க இல்ல. என் அடாப்டரை எடுத்த புண்ணியவான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மீட்டிங்ல பத்து நிமிஷம் திண்டாடினேன்."

இதையே வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில் மெசேஜை அந்தச் சாட் பெட்டியிலிருந்து வெட்டி நோட்பேடில் ஒட்டுங்கள். சாட் பெட்டியிலேயே திருத்துவது எனக்குப் பிடிக்காது. எண்டர் தட்டினால் போய்விடும், அழிப்பதற்குள் நாலு பேர் படித்திருப்பார்கள்.

படி 1: நடந்ததை மட்டும் எடுங்கள். என் மெசேஜில் உண்மையில் மூன்று விஷயங்கள்தான் இருக்கின்றன: மைக்ரோவேவ் உள்ளே உணவு தெறித்திருக்கிறது, பாத்திரம் மூன்று நாளாகக் கிடக்கிறது, அடாப்டர் இல்லாமல் மீட்டிங் பத்து நிமிடம் தாமதமானது. மற்றதெல்லாம் கோபம்.

படி 2: கோபம் ஒளிந்திருக்கும் சொற்களைப் பிடியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். ஆரம்பத்தில் வாக்கியத்தின் முன்னால் "தயவுசெய்து" போட்டால் மரியாதை வந்துவிடும் என்று நினைத்தேன். "தயவுசெய்து துடைக்கவாவது செய்யுங்கள்" என்று அனுப்பினேன். இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. குற்றவாளி அந்த "ஆவது". "கூட", "தானே", "மறுபடியும்", "எத்தனை தடவை" இவையும் அதே ஜாதிதான். சின்னச் சொற்கள், ஆனால் குத்தலைச் சுமப்பது அவைதான். "சொல்லியிருக்கலாம்ல" என்பதும் அப்படியே: முடிந்துபோன காரியத்தைக் குறைசொல்லும் வடிவம் அது, படிப்பவர் இனி செய்ய அதில் எதுவும் இல்லை. எனவே, செய்யாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "துடைக்கக்கூட நேரமில்லையா" என்பது "துடைத்துவிடுங்கள்" ஆகட்டும்.

"சிலர்" என்ற சொல்லும் வேண்டாம். நான் "சிலர் பாத்திரத்தை அப்படியே விடுகிறார்கள்" என்று எழுதிய அன்று, ஒருவர் என் மேசைக்கு வந்து, "அந்தச் சிலர் நான்தானே?" என்று கேட்டார். அவர் இல்லை. உண்மையில் செய்தவர் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

படி 3: யாருக்கு அனுப்புவது என்று பிரியுங்கள். சமையலறை எல்லோருக்கும் பொது, அது குழுவுக்குப் போகலாம். அடாப்டரை எடுத்தவர் யாரென்று தெரிந்தால் தனி மெசேஜ் மட்டும் போதும். இரண்டையும் ஒரே மெசேஜில் கலந்தால் இரண்டுமே கவனத்தில் நிற்காது.

சமையலறைக்கு இப்படி எழுதினேன்:

"வணக்கம். மைக்ரோவேவில் உணவை மூடிவைத்துச் சூடாக்குங்கள். தெறித்தால் உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டியிருக்கிறது. துணி சிங்குக்குக் கீழே இருக்கிறது. பாத்திரங்களை அன்றன்றே கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது சிங்கில் இருக்கும் நீல டப்பாவையும் இரண்டு கோப்பைகளையும் உரியவர்கள் இன்று மாலை 5 மணிக்குள் எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு கழுவி மேல்தட்டில் வைத்துவிடுகிறேன்."

"தூக்கிப் போட்டுவிடுவோம்" என்று முடிக்கத் தோன்றும். நிஜமாகவே போடப் போவதில்லை என்றால் எழுதாதீர்கள், அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள். துணி எங்கே இருக்கிறது என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அதுவரை அது தெரியவே தெரியாதாம்.

அடாப்டருக்கு: "என் மேசையிலிருந்த கறுப்பு எச்டிஎம்ஐ அடாப்டர் உங்களிடம் இருக்கிறதா? நாளை 11 மணி மீட்டிங்குக்குத் தேவைப்படுகிறது, அதற்கு முன் மேசையில் வைத்துவிட்டால் உதவியாக இருக்கும். இனி எடுக்கும்போது ஒரு வரி மெசேஜ் போட்டால் போதும்."

ஏன் தேவை, எப்போது தேவை என்பது இருந்தால், திருப்பித் தராததைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இறுதியில் சிரிப்பு முகம் போடாதீர்கள், கண்டிப்பான வரிக்குப் பின் அது நக்கலாகத்தான் படிக்கப்படும்.

பின்சேர்க்கை: எடுத்தவர் மேலதிகாரியாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்போது கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்: "அடாப்டர் நாளை 11 மணிக்குத் தேவைப்படுகிறது, எப்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும்?" நடந்து போவது நம் வேலையாகிவிடும், ஆனால் பொருள் கைக்கு வந்துவிடும்.

இன்னொருவர், எழுதியும் ஒருவரும் அசையவில்லை என்றார். அவர் அனுப்பியதைப் பார்த்தேன்: "நாம் எல்லோரும் சுத்தம் பேணுவோம்." என்ன பொருள், எந்த நேரம் என்று எதுவுமே அதில் இல்லை. அந்தப் படி 1-ஐத்தான் அவர் தாண்டிப் போயிருந்தார்.